ஏரி மேலே ஐஸ், அடியில் மீன்: அது எப்படிச் சாகாமல் இருக்கிறது?

லோரிக்காரர்_பீடோர் | சனி, இரவு 9:40

வணக்கம். நான் பீடோர் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். மகள் முதலாம் படிவம் படிக்கிறாள். நேற்று கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினாள். குளிர் நாட்டு ஏரி. கண்ணுக்கு எட்டிய தூரம் ஐஸ்தான், அதன் மேல் காரே நிற்கிறது. ஒருவர் ஐஸைத் துளைத்துத் தூண்டில் விட்டு மீன் பிடிக்கிறார். மேலே வந்த மீன் துள்ளுகிறது.

"நாலைந்து மாசம் ஐஸ் பெட்டிக்குள்ள இருந்த மாதிரிதானேப்பா, இது எப்படி உயிரோட இருக்கு?" என்று கேட்டாள். ஐஸ் மேலேதான் இருக்கும், கீழே தண்ணீர்தான் என்றேன். அவள் விடவில்லை. "குளிர்ந்தா கனமாகி கீழ போகும்னு ஸ்கூல்ல சொன்னாங்களே. அப்போ ரொம்பக் குளிர்ந்த ஐஸ் அடியிலதானே கிடக்கணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். நான் படித்துக் காட்டுகிறேன்.

---

ஓய்வு_வாத்தியார் | சனி, இரவு 10:05

உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள் தம்பி. பெரும்பாலான பொருள்களுக்கு அவள் சொன்னது சரி. தண்ணீர் வேறு மாதிரி.

தண்ணீர் உறையும்போது சுருங்காது, விரியும். ஏறக்குறைய 9 விழுக்காடு. அதனால்தான் பாட்டிலில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி உறைபெட்டியில் வைத்தால் பாட்டில் பிதுங்குகிறது. அதே எடை, அதிக இடம். ஆகவே ஐஸ் மிதக்கிறது.

அடுத்து, தண்ணீர் மிகக் கனமாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். அதற்கு மேலே சூடானாலும் இலேசாகும், கீழே குளிர்ந்தாலும் இலேசாகும். ஆகவே ஏரியின் அடியில் எப்போதும் 4 டிகிரித் தண்ணீர்தான் இருக்கும். மேலே ஐஸ் போர்வை மாதிரி மூடிவிடும். மீன் அடியில் சௌகரியமாக இருக்கும். இதுதான் பதில்.

---

பலகாரக்கடை_அக்கா | சனி, இரவு 10:31

சார் சொன்னதற்கு ஒரு விஷயம் சேர்க்கிறேன். கேமரன் மலையில் இரண்டு வருடம் கடை போட்டிருந்தேன். விடிகாலையில் போய்ப் பார்த்தால் செம்பனை எண்ணெய் பாட்டிலில் வெள்ளையாக உறைந்து கிடக்கும். எங்கே தெரியுமா? அடியில்தான். மேலே தெளிந்த எண்ணெய், கீழே வெள்ளை வண்டல். முதல் நாள் கலப்பட எண்ணெய் என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அப்புறம்தான் அது குளிருக்கு உறைந்தது என்று தெரிந்தது.

பாப்பாவிடம் சொல்லுங்கள்: அவள் நினைத்தபடியே நடக்கிற பொருள் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. எண்ணெயில் உறைந்தது கீழே போகிறது. தண்ணீரில்தான் உறைந்தது மேலே வருகிறது.

---

ஐந்தாம்_படிவம் | சனி, இரவு 11:02

ஐஸ் ஏன் விரிகிறது என்பதை யாரும் சொல்லவில்லையே. எஸ்.பி.எம். புத்தகத்தில் ஹைட்ரஜன் பிணைப்பு என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. 4 டிகிரித் தண்ணீர் 0 டிகிரித் தண்ணீரைவிட எவ்வளவு கனம்? சும்மா இம்மியளவு வித்தியாசம் என்றால் ஒரு காற்று அடித்தாலே கலந்துவிடாதா?

---

திலாப்பியா_குளம் | ஞாயிறு, காலை 6:50

மீன் சாவது பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். பழைய ஈயக்குட்டை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துத் திலாப்பியா வளர்க்கிறேன். போன மாதம் நாலு நாள் நல்ல வெயில், ஐந்தாம் நாள் சாயங்காலம் கொட்டித் தீர்த்த மழை. மறுநாள் விடியலில் பாதி மீன் வாயைப் பிளந்து மிதந்தது. தண்ணீரில் அழுகின முட்டை நாற்றம். யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று பக்கத்துக்காரர்மேலேயே சந்தேகப்பட்டேன். குளிர்ந்த மழைத்தண்ணீர் பட்டதால் மீன் விறைத்துச் செத்திருக்குமா?

---

ஓய்வு_வாத்தியார் | ஞாயிறு, காலை 7:15

தம்பி, இங்கே பேசுவது உறைந்த ஏரியைப் பற்றி. உங்கள் குளத்துக்குத் தனியாக ஓர் இழை தொடங்கினால் நல்லது.

---

வடக்குப்பனி | ஞாயிறு, காலை 8:20

ஐயா, மன்னிக்கணும், அவருடைய குளமும் இதே கதைதான். அவரை அனுப்பிவிடாதீர்கள். வரிசையாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் பீடோருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டில் வளர்ந்தவள். இப்போது கனடாவில் மனித்தோபா மாநிலத்தில் இருக்கிறேன். குளிர்காலத்தில் ஏரி ஏரியாகப் போய் ஐஸைத் துளைத்து, கம்பியில் கருவியை இறக்கி, வெப்பத்தையும் ஆக்சிஜனையும் அளப்பதுதான் வேலை.

முதலில் ஐந்தாம் படிவத் தம்பியின் கேள்வி. ஒரு தண்ணீர் மூலக்கூறு தன்னைச் சுற்றி நாலு மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ள முடியும், அதுவும் குறிப்பிட்ட கோணத்தில்தான். திருவிழாக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முண்டியடிக்கும்போது ஒரு மைதானத்தில் ஆயிரம் பேர் நிற்கலாம். அதே ஆட்கள் கையை நீட்டிப் பிடித்து வட்டம் வட்டமாக நின்றால் மைதானம் போதாது. ஐஸில் எல்லாரும் கை நீட்டி நிற்கிறார்கள். ஆறு ஆறாக வளையம், வளையத்தின் நடுவே வெற்றிடம். உருகும்போது சில கைகள் விடுபடுகின்றன, விடுபட்டவர்கள் அந்த வெற்றிடத்தில் நுழைகிறார்கள். ஆகவே தண்ணீர் ஐஸைவிட நெருக்கமானது.

உருகின பிறகும் 0 டிகிரித் தண்ணீரில் இந்த விரிந்த அமைப்பு நிறைய மிச்சமிருக்கிறது. சூடாக்கச் சூடாக்க அது இன்னும் குலைந்து தண்ணீர் சுருங்குகிறது. ஆனால் சூடு மூலக்கூறுகளை ஒன்றையொன்று தள்ளிவிடவும் செய்யும். இரண்டும் எதிரெதிராக இழுத்து, சரிக்குச் சரியாக நிற்கும் இடம்தான் 4 டிகிரி. சரியாகச் சொன்னால் 3.98. திரவத்துக்குள் அந்த அமைப்பு எப்படிப்பட்டது என்று ஆராய்ச்சியாளர்களுக்குள்ளே இன்றும் வாதம் நடக்கிறது. ஐஸின் அமைப்பில் அந்தச் சந்தேகம் இல்லை.

இனி எடை. வீட்டுக் கூரைமேல் வைக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 4 டிகிரியில் தண்ணீர் ஆயிரம் கிலோ. 0 டிகிரியில் அதே தொட்டித் தண்ணீர் 130 கிராம்தான் குறைவு. ஆயிரம் கிலோவுக்கு 130 கிராம்! அதே தொட்டி முழுக்க ஐஸாக இருந்தால் 83 கிலோ குறைவு. ஐஸ் மிதப்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் 0 டிகிரித் தண்ணீர் 4 டிகிரித் தண்ணீரின் மேல் நிற்பது மிக மெல்லிய பிடிமானம். தம்பி சந்தேகப்பட்டது சரி, காற்று அடித்தால் கலந்துவிடும்.

அதனால் ஐயா சொன்ன "அடியில் எப்போதும் 4" எல்லா ஏரிக்கும் பொருந்தாது. இலையுதிர் காலத்தில் மேல் தண்ணீர் குளிர்ந்து கீழே இறங்கும், ஏரி முழுக்கப் புரண்டு ஒரே 4 டிகிரிக்கு வரும். அந்த நேரம் காற்றில்லாமல் கடுங்குளிர் வந்தால் மேல்தட்டு மட்டும் சட்டென்று 0-க்கு இறங்கி உறைந்துவிடும், அடியில் ஏறக்குறைய 4 நிற்கும். காற்று வாரக்கணக்கில் அடித்துக்கொண்டே இருந்தால் ஏரி முழுக்கக் கலந்து 2 டிகிரி, சில நேரம் 1 டிகிரிவரை போய்விடும். அப்புறம்தான் உறையும். ஆழமில்லாத, காற்றுக்குத் திறந்து கிடக்கும் ஏரிகளில் அடித் தண்ணீர் 2 டிகிரியில் இருப்பது சாதாரணம். உறைந்த பிறகு, கோடை முழுக்கச் சூடு வாங்கி வைத்த அடிச் சேறு அதை மெல்ல விடும். குளிர்காலத்தின் நடுவில் அடித் தண்ணீர் கொஞ்சம் சூடேறியிருப்பதும் உண்டு.

ஐஸ் செய்யும் பெரிய உதவி இங்கேதான் இருக்கிறது. அது காற்றை அடைக்கிறது. ஐஸ் மூடிய நிமிடத்தோடு தண்ணீரைக் கலக்க ஆளில்லை. அந்த 130 கிராம் வித்தியாசம் மாதக்கணக்கில் குலையாமல் நிற்கிறது.

மிச்சம் மாலையில் எழுதுகிறேன்.

---

லோரிக்காரர்_பீடோர் | ஞாயிறு, காலை 9:05

அக்கா, நம்ம ஊர்ப் பிள்ளை அங்கே போய் ஏரி அளக்கிறது கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. மகளுக்குப் படித்துக் காட்டினேன். கை நீட்டி நிற்கும் கூட்டம் அவளுக்கு உடனே புரிந்தது. அவள் கேட்கிறாள்: "ஐஸ் மேலே மூடினாலும் குளிர் உள்ளே இறங்கிக்கிட்டே இருக்காதா? கடைசியில் அடிவரைக்கும் உறைஞ்சிடாதா?"

---

ஓய்வு_வாத்தியார் | ஞாயிறு, காலை 11:30

முப்பது வருடம் வகுப்பில் "அடியில் 4 டிகிரி" என்று கரும்பலகையில் படம் போட்டேன். காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நன்றி அம்மா.

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். இந்த 4 டிகிரி விஷயத்தைச் சந்தேகமில்லாமல் காட்டியவர் எடின்பரோவில் இருந்த தாமஸ் சார்ல்ஸ் ஹோப், 1805-இல். அதற்கு முன் பலர் தண்ணீரைக் குடுவையில் வைத்துக் குளிர்வித்து அளந்தார்கள். ஆனால் கண்ணாடிக் குடுவையும் சுருங்குமே, மாறியது தண்ணீரா குடுவையா என்று சண்டை. ஹோப் அந்தச் சண்டையையே தவிர்த்தார். உயரமான பாத்திரத்தில் தண்ணீர், மேலே ஒரு வெப்பமானி, கீழே ஒன்று. நடுப்பகுதியைச் சுற்றி உறைகலவை. முதலில் கீழ் வெப்பமானி மட்டும் இறங்கியது. 4 டிகிரிக்கு அருகில் வந்ததும் அது நின்றுவிட்டது, அதன் பிறகு மேல் வெப்பமானி இறங்க ஆரம்பித்து 0-க்குப் போனது. குடுவை சுருங்கினாலும் இந்த முடிவு மாறாது. இதை வீட்டில் செய்து பார்க்க முடியுமா என்று யோசிக்கிறேன்.

---

வடக்குப்பனி | ஞாயிறு, மாலை 6:45

பாப்பாவின் கேள்விக்கு வருகிறேன். குளிர் இறங்கத்தான் செய்கிறது, ஆனால் ஐஸே அதற்குத் தடை. புது ஐஸ் உருவாவது ஐஸின் அடிப்பக்கத்தில். ஒரு கிலோ தண்ணீர் உறையும்போது 334 கிலோஜூல் சூடு வெளியாகும். அந்தச் சூடு ஐஸ் முழுவதையும் தாண்டி மேலே போனால்தான் அடுத்த கிலோ உறைய முடியும். ஐஸ் தடிக்கத் தடிக்க வழி நீள்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐஸின் மேல்பரப்பு −20 டிகிரி, தடிப்பு 30 சென்டிமீட்டர், மேலே பனித்தூள் இல்லை. ஒரு நாளில் சுமார் 4 சென்டிமீட்டர் வளரும். 60 சென்டிமீட்டர் ஆனதும் அதே குளிரில் 2 சென்டிமீட்டர்தான். இனி அந்த 30 சென்டிமீட்டர் ஐஸ் மேல் 20 சென்டிமீட்டர் பனித்தூள் விழட்டும். பனித்தூளில் காற்று நிறைய அடைந்திருப்பதால் சூடு எளிதில் போகாது. பனியின் மேல்பரப்பு −20 ஆக இருந்தாலும் வளர்ச்சி ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டருக்கு வந்துவிடும். ஐயா ஐஸைப் போர்வை என்றார், உண்மையான போர்வை அதன் மேல் கிடக்கும் பனித்தூள். எங்கள் பக்கத்து ஏரிகளில் குளிர்காலக் கடைசியில் ஐஸ் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். ஒரு மீட்டர் ஆழமுள்ள குட்டை என்றால் அடிவரை உறைந்துவிடும், மீனும் போய்விடும். நாலு ஐந்து மீட்டர் ஆழம் இருந்தால் உறைவதைப் பற்றிப் பயமில்லை.

பயம் வேறு இடத்தில். திலாப்பியா அண்ணே, இது உங்களுக்கும்தான்.

ஐஸ் காற்றை அடைக்கிறது என்றேன். அதோடு ஆக்சிஜனையும் அடைக்கிறது. நவம்பர் நடுவில் ஏரி மூடும்போது தண்ணீரில் லிட்டருக்கு 12 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது என்று வைப்போம். குளிர்ந்த தண்ணீர் நிறையப் பிடித்துவைக்கும். நம்ம ஊர் 30 டிகிரித் தண்ணீரில் ஏழரைக்கு மேல் தாங்காது. மூடிய நாளிலிருந்து வரவு கிட்டத்தட்ட இல்லை, செலவு மட்டும். செலவு செய்வது பெரும்பாலும் மீன் அல்ல. அடியில் கிடக்கும் அழுகின பாசி, இலை, சேறு. பனித்தூள் வெளிச்சத்தை மறைத்தால் பாசியும் ஆக்சிஜன் தராது.

ஐஸுக்குக் கீழே 2 மீட்டர் தண்ணீர் உள்ள ஒரு குளத்தில் சேறு ஒரு நாளைக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் தின்கிறது என்றால் நூறு நாளில் 10 போய் 2 மிஞ்சும். நவம்பர் நடுவிலிருந்து நூறு நாள் பிப்ரவரிக் கடைசி. ஐஸ் உருக ஏப்ரல் ஆகும். பல மீன்களுக்கு 2 மில்லிகிராமிலேயே மூச்சு முட்டும். அதே சேறு, ஆனால் 6 மீட்டர் தண்ணீர் என்றால் அதே பசி மூன்று மடங்கு தண்ணீரில் பகிர்ந்துவிடும். நூறு நாளில் மூன்றரை கூடக் குறையாது. ஒரே ஊரில், ஒரே குளிரில், ஒரு ஏரி பிழைத்து இன்னொன்று செத்துப்போவது இதனால்தான்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், துளை போட்டவுடனே தெரியும். அழுகின முட்டை நாற்றம் வரும். மீன்கள் துளையைத் தேடிக் கூட்டமாக வரும். பார்ப்பவர்கள் "மீன் நிறைய இருக்கு" என்று மகிழ்வார்கள். உண்மையில் அவை மூச்சுக்குத் தவித்து வந்தவை. வசந்தத்தில் ஐஸ் உருகியதும் கரையெல்லாம் செத்த மீன் ஒதுங்கும். ஒவ்வொரு தடவையும் மனசு கனத்துப்போகும்.

---

திலாப்பியா_குளம் | ஞாயிறு, இரவு 7:20

முட்டை நாற்றம்! அதே நாற்றம்தான் அக்கா. ஆனால் என் குளத்தில் ஐஸ் எங்கே?

---

வடக்குப்பனி | ஞாயிறு, இரவு 7:58

ஐஸ் இல்லை, அடுக்கு இருந்தது. நாலு நாள் வெயிலில் மேல் தண்ணீர் சூடாகி இலேசாகி மேலேயே நின்றது. அந்த ஆயிரம் லிட்டர் தொட்டியில் 28 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் எடை வித்தியாசம் ஏறக்குறைய 600 கிராம். வெறும் 2 டிகிரிதான், ஆனால் எங்கள் ஏரியின் 0-க்கும் 4-க்கும் உள்ள 130 கிராமைவிட நாலு மடங்குக்கும் மேல். சூடான தண்ணீர் கொஞ்சம் சூடு மாறினாலே நிறைய எடை மாறும். அதனால் உங்கள் குளத்தில் ஐஸே இல்லாமல் அடித் தண்ணீர் மூடிக்கிடந்தது. அடியில் தீவன மிச்சமும் கழிவும் அழுகி ஆக்சிஜன் தீர்ந்திருக்கும்.

மழை என்ன செய்தது? குளிர்ந்த, கனமான தண்ணீர் மேலே விழுந்து கீழே இறங்கியது, காற்றும் அடித்தது. குளம் புரண்டு அடித் தண்ணீர் மேலே வந்தது. மீன் குளிரில் விறைக்கவில்லை, மூச்சு முட்டியிருக்கும். உங்கள் பக்கத்துக்காரர்மேல் பழி போடுவதற்கு முன்பு ஓர் ஆக்சிஜன் கருவி இரவல் வாங்கி, விடியலில் மேலேயும் அடியிலும் அளந்து பாருங்கள். தூரத்திலிருந்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். குட்டை எவ்வளவு ஆழம்?

---

திலாப்பியா_குளம் | ஞாயிறு, இரவு 8:10

நடுவில் ஆறு மீட்டருக்கு மேல் இருக்கும். ஓரத்தில் ஆள் உயரம். அப்போ ஆழமான குட்டை நல்லது என்று நீங்களே சொன்னீர்கள், எனக்கு ஏன் இப்படி? அங்கே காற்றூதும் இயந்திரம் வைக்க மாட்டார்களா?

---

வடக்குப்பனி | ஞாயிறு, இரவு 8:42

எங்களுக்கு ஆழம் நல்லது, ஏனென்றால் இலையுதிரில் ஏரி ஒருமுறை முழுக்கப் புரண்டு அடிவரை ஆக்சிஜன் ஏற்றிக்கொள்கிறது. அந்தச் சேமிப்போடுதான் மூடுகிறது. உங்கள் குட்டைக்கு அப்படி ஒரு பருவம் இல்லை. அடியில் சேமிப்பே இல்லாமல் மூடிக்கிடக்கிறது.

காற்றூதும் இயந்திரம் இங்கேயும் வைக்கிறார்கள், அதிலே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். ஒருவர் தன் வீட்டுக் குளத்தில் அலங்காரக் கெண்டை வளர்த்தார். கோடையில் வைத்த மாதிரியே குளிர்காலத்திலும் ஊதுகல்லைக் குளத்தின் ஆழமான இடத்தில் வைத்தார். குமிழி மேலே போகும்போது அடியிலிருந்த 4 டிகிரித் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போனது. அது −25 டிகிரிக் காற்றில் பட்டுக் குளிர்ந்து திரும்பக் கீழே வந்தது. இரண்டு நாளில் குளம் முழுக்க 0-க்குப் பக்கத்தில். ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் மீன்கள் சாய்ந்துவிட்டன. ஊதுகல்லைக் கரையோரம், ஆழமில்லாத இடத்தில் வைத்திருந்தால் ஐஸில் ஒரு ஓட்டை திறந்திருக்கும், அடித் தண்ணீரும் கலையாது.

உங்கள் குளத்துக்கு இதன் நேர்மாறு. அடுக்கு உண்டாகவே விடக்கூடாது, வெயில் நாளிலும் தினமும் அடியிலிருந்து கலக்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே நாற்றமடிக்கும் குளத்தில் ஒரே நாளில் முழுவேகத்தில் போட்டுவிடாதீர்கள், மழை செய்ததையே இயந்திரமும் செய்துவிடும். முதலில் ஓரிரு மணி நேரம், அப்புறம் மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

---

ஐந்தாம்_படிவம் | ஞாயிறு, இரவு 9:15

ஆக்சிஜனே தீர்ந்துபோன ஏரியில் எந்த மீனும் பிழைக்காதா? அப்புறம் கடல்? அண்டார்டிகாவில் மீன் இருக்கிறதே.

---

வடக்குப்பனி | ஞாயிறு, இரவு 9:50

ஒன்று பிழைக்கும். ஐரோப்பாவில் குருஷியன் கெண்டை என்று ஒரு மீன், தங்கமீனுக்குச் சொந்தம். ஆக்சிஜனே இல்லாமல் குளிர்ந்த தண்ணீரில் மாதக்கணக்கில் இருக்கும். ஆக்சிஜன் இல்லாமல் உடம்பு வேலை செய்தால் அமிலம் சேர்ந்து உயிரை வாங்கும். இந்த மீன் அதைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியாக வெளியே விட்டுவிடுகிறது. எனக்குப் பிடித்த மீன் இது.

கடல் வேறு கதை. உப்பு அதிகமானால் 4 டிகிரிக் கணக்கு பொருந்தாது. கடல்நீர் உறையும்வரைக்கும் கனமாகிக்கொண்டேதான் போகும், உறைவது −1.9 டிகிரி வாக்கில். அடியில் 4 டிகிரி அடைக்கலம் அங்கே கிடையாது. அண்டார்டிகா மீன்களின் இரத்தத்தில் ஐஸ் துகள் வளராமல் தடுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. 1960-களில் ஆர்தர் டிவ்ரீஸ் கண்டுபிடித்தார்.

---

ஓய்வு_வாத்தியார் | திங்கள், காலை 7:40

ஐஸ் மட்டும் தண்ணீரில் மூழ்குவதாக இருந்தால் குளிர் நாட்டு ஏரிகள் அடியிலிருந்து முழுக்க உறைந்து, கோடையிலும் உருகாமல், உயிரே இல்லாமல் போயிருக்கும் என்று படித்திருக்கிறேன். இது சரிதானே?

---

ஐந்தாம்_படிவம் | திங்கள், காலை 8:02

எனக்கு அதில் சந்தேகம் சார். மூழ்கும் ஐஸ் என்றால் மேலே மூடியே இருக்காது. ஏரி வேகமாகச் சூட்டை இழக்கும், சரி. ஆனால் கோடையில் மேல் தண்ணீர் எவ்வளவு சூடாகும், அது அடிவரை எப்படிப் போகும் என்று தெரியாமல் உருகாது என்று எப்படிச் சொல்வது? நம்ம ஊர்க் குளத்துக்கு எந்த வித்தியாசமும் வராது, அங்கேயாவது மீன் இருந்திருக்கும்.

---

வடக்குப்பனி | திங்கள், காலை 8:35

நான் தம்பி பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். மூடி இல்லாத ஏரி குளிர்காலம் முழுக்கச் சூட்டை இழந்துகொண்டே இருக்கும், நிறைய உறையும், அதில் ஐயா சொல்வது சரி. ஆழமில்லாத ஏரிகளில் மீன் தப்பாது. கோடையில் அடி ஐஸ் உருகுமா என்பது ஆழத்தையும் காற்றையும் பொறுத்தது. எல்லா ஏரிக்கும் ஒரே பதில் சொல்ல எனக்குத் துணிவில்லை.

---

ஓய்வு_வாத்தியார் | திங்கள், காலை 8:50

நான் இன்னும் என் கருத்தில்தான் இருக்கிறேன். யோசிக்கிறேன். லோரிக்காரத் தம்பி, ஹோப் சோதனையின் எளிய வடிவம் ஒன்றை மகளோடு செய்து பாருங்களேன். அகல வாய்த் தெர்மோஸ், மேலே ஐஸ், அடியில் ஒரு வெப்பமானி.

---

லோரிக்காரர்_பீடோர் | செவ்வாய், இரவு 9:30

செய்தோம். வரவில்லை. ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீர், மேலே இரண்டு கை ஐஸ்கட்டி. நிறுத்துப் பார்த்தாள், 150 கிராம். கொஞ்ச நேரத்தில் ஐஸ் எல்லாம் கரைந்துவிட்டது. அடியில் 14 டிகிரி, அதற்குக் கீழே இறங்கவில்லை. மீன் தொட்டிக் கடையில் வாங்கின வயர் வெப்பமானி இரண்டு, அவையும் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரி வித்தியாசம் காட்டுகின்றன.

---

வடக்குப்பனி | செவ்வாய், இரவு 10:05

14 வந்தது சரியான கணக்குதான் தம்பி, உங்கள் மகள் நன்றாக அளந்திருக்கிறாள். 29 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரை 4-க்கு இறக்கவே 300 கிராம் ஐஸ் கரைய வேண்டும். அதற்கு மேல் மிச்சமும் மிதக்க வேண்டும். ஐஸை அதிகமாகப் போட்டால் அது பாதிப் பாத்திரத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே குளிர்பெட்டியில் இரவெல்லாம் வைத்த தண்ணீரில் ஆரம்பியுங்கள், 8 டிகிரி வாக்கில் இருக்கும். அதற்கு 50 கிராம் கரைந்தால் போதும், மிச்ச 100 மேலே நிற்கும். மூடியை வைத்துவிடுங்கள், ஆட்டாதீர்கள்.

வெப்பமானி இரண்டையும் முதலில் நொறுக்கின ஐஸும் தண்ணீரும் கலந்த குவளையில் பத்து நிமிடம் வையுங்கள். அங்கே 0 காட்ட வேண்டும். எவ்வளவு தப்பாகக் காட்டுகிறதோ அதைப் பிறகு கழித்துக்கொள்ளுங்கள்.

---

லோரிக்காரர்_பீடோர் | வியாழன், இரவு 10:20

வந்துவிட்டது!

ஒரு வெப்பமானி ஐஸ் குவளையில் 0.8 காட்டியது, இன்னொன்று −0.2. அதைக் கழித்து எழுதுகிறேன். ஏழரைக்கு ஆரம்பம், தண்ணீர் 8.3. எட்டரைக்கு அடியில் 4.4, ஐஸுக்குச் சற்றுக் கீழே 1.1. ஒன்பதரைக்கு அடியில் 4.2, மேலே 0.7. அடியில் இருப்பது அதற்கு மேல் இறங்க மாட்டேன் என்கிறது. மேலே ஐஸ் மிதக்கிறது, ஒரு சாண் கீழே 4 டிகிரி. மகள் வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அவளாகவே ஒன்று செய்தாள். "இப்போ காத்து அடிக்குது" என்று சொல்லிக் கரண்டியால் மெதுவாக ஒரு நிமிடம் கலக்கினாள். அடி வெப்பமானி 4.2-லிருந்து 1.3-க்குப் போய்விட்டது. ஐஸ் அப்படியே இருக்கும்போதே! பிறகு கலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள், அடியில் 4 திரும்ப வரவே இல்லை.

---

ஓய்வு_வாத்தியார் | வியாழன், இரவு 10:41

அந்தக் கரண்டி என் கரும்பலகைப் படத்தில் இல்லாதது. அவளிடம் சொல்லுங்கள், என் பழைய பள்ளி அறிவியல் கழகத்தில் இதைச் செய்து காட்டக் கேட்டிருக்கிறேன்.

---

திலாப்பியா_குளம் | வெள்ளி, காலை 6:30

இன்று விடியலில் அளந்தேன், கருவி ஒரு நண்பரிடம் வாங்கினது. மேலே லிட்டருக்கு 4.1 மில்லிகிராம். ஐந்து மீட்டரில் 0.2. பக்கத்துக்காரரிடம் போய்ப் பேசிவிட்டு வருகிறேன். அக்கா, ஊதுகல்லை எத்தனை மீட்டரில் தொடங்கலாம்?